எழுத்து விளையாட்டு பிறகு, முதலில் அம்மம்மாவின் குரல்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் ஆப் தேடுகிறவர்களுக்கு என் கருத்து: எழுத்து விளையாட்டில் தொடங்காதீர்கள். டொரன்டோவில் பிறந்த ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தமிழ் விளங்கும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். 247 எழுத்தையும் காட்டி "சரியான படத்தைத் தொடு" என்றால், கேட்டு அடையாளம் காணும் பழைய வேலையையே அது திரும்பச் செய்கிறது. நட்சத்திரம் குவியும், வாய் திறக்காது.

வாய் திறக்க வைக்க, படமும் குரலும் சேர்த்து நாமே அட்டை செய்து மீட்டும் Anki என்ற ஆப் நல்லது. கணினிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசம், ஐபோனுக்குத்தான் காசு. அட்டையின் முன்பக்கம் படம் மட்டும். பிள்ளை உரக்கச் சொன்ன பிறகு திருப்பினால் அம்மம்மாவின் குரல் கேட்க வேண்டும். பலர் குரலை முன்பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது பழையபடி கேட்கும் விளையாட்டுத்தான்.

தனிச்சொல்லும் வேண்டாம். "புட்டு" என்று பழகிய பிள்ளை மேசையிலும் "புட்டு" என்று மட்டும்தான் சொல்லும். வெறும் கோப்பையின் படத்துக்கு "அம்மம்மா, இன்னும் கொஞ்சம் புட்டு தாங்கோ" என்று முழு வசனம் வையுங்கள். அடுத்த அட்டைகளில் புட்டுக்குப் பதில் சம்பல், தண்ணி. அதற்கடுத்து "காணும், வேண்டாம்". வீட்டில் பேசுகிறபடியே பதியுங்கள். கடை ஆப்கள் பல "நாற்காலி" என்று சொல்லிக்கொடுக்க, அம்மம்மா "கதிரை" என்பார். பிள்ளை குழம்பி ஆங்கிலத்துக்கே தாவிவிடும்.

பதிவுக்கு வாட்ஸ்அப் குரல் செய்தி போதும். ஒரு செய்திக்கு ஒரு வசனம், ஃபேனை நிறுத்திவிட்டு. கோப்பு .opus ஆக வரும். சில ஃபோன்களில் அது ஓடாது, அதனால் கணினியில் ffmpeg என்ற மென்பொருளால் mp3 ஆக மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i puttu.opus puttu.mp3
```

நாளுக்கு 20 புது அட்டை என்பது Anki தானாக வைத்திருக்கும் அளவு. New cards/day என்ற இடத்தில் அதை 5 ஆக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே மீட்டல் மலையாகக் குவிந்து பிள்ளை ஓடிவிடும். அட்டையைத் திருப்பியதும் வரும் பொத்தானைப் பெற்றோர் அழுத்துவதே நல்லது. வாய்க்குள் முணுமுணுத்தால் Again, கேட்கும்படி சொன்னால் Good. பிள்ளையின் கையில் விட்டால் எல்லாமே Good தான்!

நேரடி அழைப்பு இதற்கு ஈடாகாதா என்று கேட்பீர்கள். டொரன்டோவில் பள்ளி முடிந்து மாலை ஆறு மணியாகும்போது, கோடைகாலத்தில் கொழும்பில் அதிகாலை மூன்றரை. அம்மம்மா நித்திரை. வாரநாளில் பதிவுதான் வழி. சனிக்கிழமை அங்கே காலை எட்டு, இங்கே மாலை ஐந்தரை. அப்போது அழைத்து, அதே வசனங்களை வரிசை மாற்றிக் கேளுங்கள். "சம்பல் காணுமா, இன்னும் போடவா?" என்றதும் பிள்ளை திகைத்தால், அது படத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறது. அந்த வசனத்துக்கு வேறு படம் போட்டு இன்னும் இரண்டு அட்டை சேருங்கள்.