"ஒரு சின்னப் பேட்டி" என்று எழுதி அனுப்பாதீர்கள்

பாட்காஸ்ட் நடத்தும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்திரிகைப் பேட்டி எடுப்பவர்களுக்கும் பொருந்தும். விருந்தினரை அழைக்கும்போது பேட்டி "எவ்வளவு நேரம்" என்று எழுதுகிறோமே, அந்த இடத்தில் நம்மில் பலர் பொய் சொல்கிறோம். தெரிந்து சொல்வதில்லை. ஆனாலும் பொய்தான்.

என் கதையையே சொல்கிறேன். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அந்தப் பக்கத்துக் கைவினைஞர்களைத் தேடி நிறையப் பேர் போனார்கள். நானும் போனேன். பழைய வீடுகளின் ஆச்சா மர உத்தரத்தில் நாதஸ்வரம் கடையும் பெரியவர் ஒருவருக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது: "வணக்கம் ஐயா. நாங்கள் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். உங்களோடு 40 நிமிடம் ஒரு சின்னப் பேட்டி எடுக்க ஆசை. உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்கள்." பணிவாகத்தான் இருக்கிறது. படித்தால் குறை எதுவும் தெரியாது.

அந்த 40 நிமிடம் என்பது எங்கள் எபிசோடின் நீளம். கேட்பவருடைய கணக்கு அது, பேசுபவருடையது அல்ல. 40 நிமிட எபிசோடுக்கு நான் குறைந்தது 70 நிமிடமாவது பேச்சைப் பதிவு செய்வேன். அதற்கு முன் மைக் மாட்டி, மின்விசிறியை நிறுத்தி, சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வைத்து, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்ய 20 நிமிடம் போகும். வெட்டி ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாமல் நிரப்ப அந்த ஓசை வேண்டும். கடைசியில் பட்டறைச் சத்தம், ஒரு வாத்தியத்தை ஊதிக் காட்டச் சொல்வது, போட்டோ எல்லாம் சேர்த்து இன்னொரு 20 நிமிடம். ஆக, பெரியவரின் நாளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளப்போவது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நான் கேட்டதோ 40 நிமிடம்.

அன்று கூடவே வந்த நண்பர் "வீடியோவும் எடுத்துக்கலாமே" என்று கேமராவை வெளியே எடுத்தார். பெரியவர் கைலியும் பனியனுமாக மரத்தூளில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். அதற்குப்பின் அவர் பேசியதெல்லாம் பொன்விழா மலருக்குக் கட்டுரை வாசித்த மாதிரி இருந்தது. 50-ஆவது நிமிடத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். மறுநாள் முகூர்த்தத்துக்கு வாசிக்க வேண்டிய வாத்தியத்தைச் சரிபார்க்க வந்தவர். "நாப்பது நிமிஷம்னுதானே தம்பி சொன்னீங்க" என்று பெரியவர் எழுந்துவிட்டார். கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியை நான் அப்போது கேட்டிருக்கவே இல்லை. அவர்மேல் என்ன தப்பு? அந்த எபிசோடு வெளிவரவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி கேட்டேன். முதலில் போன். வயதானவர்களிடம் எழுத்துக்கு முன் குரல் போக வேண்டும். அப்புறம்தான் எழுத்தில், அவர் மகன் படித்துச் சொல்ல வசதியாக, இதை அனுப்பினேன்:

"ஐயா வணக்கம். போனில் பேசியதை எழுதி வைக்கிறேன். நாங்கள் இரண்டு பேர் வருவோம். உங்களுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும்: மைக் வைக்க கால் மணி, பேச ஒரு மணி, வாத்தியச் சத்தம் பதிவு செய்ய கால் மணி. குரல் மட்டும்தான். வீடியோ கிடையாது. கடைசியில் உங்கள் கையையும் வாத்தியத்தையும் மட்டும் ஒரு போட்டோ. நேரலை இல்லை. பேசியதில் எதையாவது எடுக்க வேண்டும் என்றால் வெளியிடுமுன் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம். பேச நினைப்பது மூன்று விஷயம்: ஆச்சா மரக்கட்டை இப்போது எங்கிருந்து கிடைக்கிறது, பழைய வீட்டு உத்தரத்தில் எதை எடுப்பீர்கள் எதை விடுவீர்கள், துளை போடும்போது கெட்டுப்போன வாத்தியத்தை என்ன செய்வீர்கள். வருமானம், குடும்ப விஷயம் கேட்க மாட்டோம். ஆடி 10 அல்லது 12, மாலை நாலு மணி. இரண்டும் ஆகாது என்றாலும் சொல்லுங்கள்."

நீளம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு வரியும் முதல் தடவை நான் பட்ட பாட்டிலிருந்து வந்தது. எபிசோடு எத்தனை நிமிடம் வரும் என்பதையே இதில் எழுதவில்லை, கவனித்தீர்களா? அது அவருக்குத் தேவையே இல்லாத தகவல். "வசதியான நேரம்" என்று கேட்டால் யோசிக்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம். இரண்டு தேதி கொடுத்தால் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆடியைத் தேர்ந்ததும் சும்மா இல்லை. அந்த மாதம் கல்யாணம் இல்லை, அவசர ரிப்பேர் குறைவு.

தலைப்புகளைப் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. கேள்விகளை முன்கூட்டியே கொடுத்தால் விருந்தினர் மனப்பாடம் பண்ணிவிடுவார் என்பார்கள். கேள்வியை வரிவரியாகக் கொடுத்தால் அது நடக்கும்தான். நானும் கேள்வி கொடுப்பதில்லை. விஷயத்தைத்தான் கொடுக்கிறேன். ஆனால் "நாதஸ்வரத்தின் வரலாறும் பெருமையும்" என்று அகலமாக எழுதினால், அவர் எல்லோரிடமும் சொன்ன அதே பதிலைத்தான் நமக்கும் சொல்வார். அகலமான தலைப்புதான் மனப்பாடத்தைக் கொண்டுவருகிறது. குறுகலாகக் கொடுத்தால் அவர் தேடத் தொடங்குவார். தனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் மறுத்துவிடவும் முடியும். பயணம் போய்த் திரும்புவதைவிட மறுப்பு நமக்கு லாபம்.

(பேட்டி முழுவதையும் வெளியிடுமுன் காட்டுவீர்களா என்று சிலர் கேட்பார்கள். மாட்டேன். ஒரு பகுதியை நீக்கச் சொன்னால் நீக்குவேன், அவ்வளவுதான். இதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பணம் தருவதில்லை என்றால் அதையும்தான்.)

இரண்டாம் தடவை போனபோது பெரியவர் கைலி பனியனிலேயே இருந்தார். பக்கத்தில் ஒரு பழைய துண்டில் மூன்று மரத்துண்டுகள். ஒன்று பிரித்த வீட்டு உத்தரம், ஆணி அடித்த ஓட்டை கறுத்துத் தெரிந்தது. இன்னொன்று பாதி கடைந்த உலவு, அதாவது நாதஸ்வரத்தின் குழல். மூன்றாவது துளை போடும்போது விரிசல் விட்டது. "நீ எழுதியிருந்தியே, அதான் பரண்மேல தேடினேன்" என்றார். விரிசல் விட்டதை உதட்டருகே வைத்து ஊதியும் காட்டினார். காற்று மட்டும் வந்தது. எபிசோடு அந்தக் காற்றோடுதான் தொடங்குகிறது.

ஐந்தே காலுக்கு நான் மைக்கைக் கழற்றப் போனேன். அவர் மகனின் போனை வாங்கி மணி பார்த்தார்.

"ஒன்றரை மணின்னு எழுதியிருந்தே. இன்னும் கால் மணி இருக்கே தம்பி. கேளு."