தடிமனான மேகம் பற்றி ஒரு திருத்தம்

“கிரிப்டோ டெய்லி சார்ட்ல இச்சிமோகு மேகம் தடிமனா இருக்கு, சிக்கோவும் மேல இருக்கு. சப்போர்ட் உடையவே உடையாது.”

உடையும் தம்பி. இன்றைய கேண்டிலுக்குக் கீழே தெரியும் மேகம் 26 நாள் முந்தைய கணக்கு. அப்போது விலை வேகமாக ஓடியிருந்தாலே அது தடித்துவிடும். தடிமனை, 14 நாளில் விலை சராசரியாக ஒரு நாளுக்கு எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் ATR 14-ஓடு ஒப்பிடுங்கள். விலை 100, மேகம் 98 முதல் 90 வரை, ATR 4 என்று வையுங்கள். அந்த 8 புள்ளி இரண்டு நாள் சாதாரண ஆட்டம்தான்.

சிக்கோ என்பது இன்றைய குளோஸை 26 நாள் பின்னால் வரைந்த கோடு. அதை அங்கிருக்கும் கேண்டிலோடுதான் பார்க்க வேண்டும். அங்கே 92 இருப்பதால் இன்று மேலே நிற்கிறது. அடுத்த கேண்டில்கள் 108 என்றால், விலை 100-லேயே நின்றாலும் அடுத்த நாளே கோடு கீழே போய்விடும். காட்பாடி அண்ணன் ராத்திரியே “சிக்கோ கிராஸ் ஆயிடுச்சு” என்று வாங்கியதும் அவசரம்தான். கேண்டில் முடிவது நம் நேரம் காலை 5:30-க்கு.

26-ஐ 30 ஆக்கலாம் என்று ஆற்காட்டு நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு, கிரிப்டோவுக்கு வார விடுமுறை இல்லையே. ஆனால் பலர் பார்ப்பது 26 என்பதால் எது மேல் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.