பாதையின் நாலு மூலையிலும் ஒரு கோடு போட ஏன் மாட்டீர்கள்?

வாவியில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதை ஒன்று கவிழ்ந்தால் உடனே வரும் கதை ஒன்றுதான்: "சனம் அவசரப்பட்டு ஏறிச்சுது." அவசரப்படாமல் என்ன செய்யும்? ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கும். கிளினிக்கில் இலக்கம் எடுக்க வேண்டும். இந்தப் பாதையை விட்டால் அது அக்கரைக்குப் போய், ஆள் சேர்த்து, திரும்பி வரும்வரை துறையடியில் நிற்க வேண்டும். சனத்தில் பழியைப் போடுவது சுலபம். மிதவைக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பதுதான் பாதையை நடத்துபவர்களுக்குக் கஷ்டம்.

மட்டக்களப்பு வாவியை ஒரு தடவையாவது கடந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. படுவான்கரையில் வயலும் மாடும். எழுவான்கரையில் பெரிய ஆஸ்பத்திரியும் வங்கியும் கந்தோரும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் பாதையில்தான் போக்குவரத்து. இரண்டு இரும்பு மிதவை, மேலே பலகைத் தட்டு, பின்னால் எஞ்சின், கரையில் சாய்த்துவிட முன்னால் ஒரு தட்டுக்கதவு. பாதை ஓடாவிட்டால் மண்டூர்க்காரர் வெல்லாவெளி, போரதீவு, பட்டிருப்புப் பாலம் என்று சுற்றிக்கொண்டுதான் களுவாஞ்சிகுடிக்குப் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் இல்லாத வயதுபோனவர்களுக்கு அந்தச் சுற்று முக்கால்வாசி நாளைத் தின்றுவிடும். மண்முனைக்கு 2014இல் பாலம் வந்தது, அந்தச் சனம் தப்பிவிட்டது. மற்றத் துறைகளில் பாலம் வரும் வரும் என்று காத்திருக்கிற காலமெல்லாம் பிள்ளைகள் பாதையில்தான் போகிறார்கள்.

கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் பாதை தாண்டது. பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் சனம் அந்த மிதவையை நம்பி இருந்தது. அன்று பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளில் சிலர் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகாவது இந்த நாட்டில் ஓடும் ஒவ்வொரு பாதையின் பக்கத்திலும் ஒரு நிறக்கோடு ஏறியிருக்க வேண்டும். இதற்கு மேல் ஏற்றாதே என்று சொல்லும் கோடு. ஒரு ரின் பெயின்ற், ஒரு தூரிகை, ஒரு நாள் கணக்கு. அவ்வளவுதான் செலவு.

"இத்தனை பேர் மட்டும்" என்று பலகை போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு பாதையை எடுப்போம். இரண்டு பெட்டி மிதவை. ஒவ்வொன்றும் 8 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 80 சென்ரிமீற்றர் உயரம். மிதவை, தட்டு, கம்பி, எஞ்சின் எல்லாம் சேர்த்துப் பாதையின் சொந்தப் பாரம் 4 தொன். வெறுமையாக நிற்கும்போது மிதவை 25 சென்ரிமீற்றர் தண்ணீருக்குள் இருக்கும். இதில் 160 கிலோ ஏற்றினால் பாதை ஒரு சென்ரிமீற்றர் தாழும். பாரம் முழுக்க ஒரு பக்கத்து மிதவையில் விழுந்தால் 80 கிலோவுக்கே அந்தப் பக்கம் ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்திருங்கள்.

காலை நேரம். பெரியவர் சிறியவர் என்று 40 பேர், ஆளுக்கு 60 கிலோ. பத்து மோட்டார் சைக்கிள், ஒன்று 120 கிலோ. மொத்தம் 3.6 தொன். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பாதை 47.5 சென்ரிமீற்றர் வரை தாழும். மிதவையின் மேல்விளிம்புக்கு இன்னும் 32.5 சென்ரிமீற்றர் மிச்சம். கரையில் நிற்பவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது.

இப்போது ஒரு மிதவைக்குள் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் கசிந்திருக்கிறது என்று வையுங்கள். 800 லீற்றர், அதாவது 800 கிலோ. அந்தப் பக்கம் 10 சென்ரிமீற்றர் கீழே போய்விட்டது. அக்கரை கிட்டுகிறது. வெயிலுக்கு ஒதுங்கியோ, முதலில் இறங்குவதற்கோ, நாற்பது பேரும் அதே பக்கத்துக்கு நகர்கிறார்கள். இதுவரை மறுபக்கம் நின்ற 1.2 தொன்னும் இங்கே வருகிறது. இன்னும் 15 சென்ரிமீற்றர் தாழ்கிறது. 32.5இல் மிஞ்சியது 7.5. இதற்குள் அந்தப் பக்கத்தில் கூடுதலாகப் பத்துப் பேர் ஏறியிருந்தால் அந்த ஏழரையும் போய்விடும். மிதவை முழுக்கத் தாண்ட பிறகு அதற்கு மேல் தாங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அதுவரை மெதுமெதுவாகச் சாய்ந்த பாதை அந்தக் கணத்தில் ஒரேயடியாகப் புரண்டுவிடும். "திடீரென்று கவிழ்ந்தது" என்று சனம் சொல்வது பொய்யில்லை, அது அப்படித்தான் நடக்கும்.

பலகையில் எழுதிய ஆட்கணக்கு இதைப் பிடிக்காது. உள்ளே நிற்கும் 800 லீற்றர் தண்ணீர் அந்தப் பலகைக்குத் தெரியாது. பத்து மோட்டார் சைக்கிள் இருபது ஆள் பாரம் என்பதும் அதில் எழுதியிருக்காது. நெல்மூட்டையும் காஸ் சிலிண்டரும் எந்தக் கணக்கிலும் வராது. கோட்டுக்கு எல்லாம் தெரியும். எதை ஏற்றினாலும், உள்ளே எது கசிந்தாலும், கோடு தண்ணீருக்குள் போகும். நான் சொன்ன பாதையில் மேல்விளிம்பிலிருந்து 40 சென்ரிமீற்றர் கீழே கோட்டைப் போடுங்கள். அதில் 2.4 தொன் ஏற்றலாம்: 24 பேரும் 8 மோட்டார் சைக்கிளும். அதே தண்ணீர் உள்ளே இருக்கட்டும், அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடட்டும், அப்போதும் 21 சென்ரிமீற்றர் மிச்சமிருக்கும். அந்த நிலையில் கோட்டை மதித்தால் 24 பேரைக்கூட ஏற்ற முடியாது என்பது வேறு கதை, ஏனென்றால் கசிந்த பக்கத்துக் கோடு அதற்கு முன்பே மூழ்கிவிடும். கோட்டின் அருமையே அதுதான். நாலு மூலையிலும் போட வேண்டும். முன்மூலை ஒன்று தாழ்ந்தாலும் அங்கே நிற்கிற ஒரு பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லும்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய பொறியியலாளர் வரத் தேவையில்லை. காலையில் ஒருவரும் ஏறமுதல் நாலு மூலையிலும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நேற்று 25, இன்று ஒரு மூலையில் 28 என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. மிதவையை ஒரு சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். வெறுமையான இடம் கணீரென்று கேட்கும், தண்ணீர் நிற்கும் உயரத்துக்கு வந்ததும் சத்தம் மந்தமாகும். பிறகு மூடியைத் திறந்து ஒரு காய்ந்த தடியை அடிவரை விட்டு எடுங்கள், எவ்வளவு நனைந்திருக்கிறதோ அவ்வளவு. பத்து நிமிட வேலை. ஆனால் மூடியின் போல்ட் துருப்பிடித்து இறுகி, மேலே பெயின்றும் பூசி மூடியிருக்கும் பாதையில் இதை எப்படிச் செய்வது? அதைத் திறந்து எத்தனை காலமாயிற்று என்பதற்கு அந்தப் பெயின்றே சாட்சி.

கசிவு வரும் இடங்களும் தெரிந்தவைதான். மிதவையின் அடியில் அல்ல, தண்ணீர் ஏறி இறங்கும் அந்த ஒரு சாண் பட்டியில்தான் உப்பும் காற்றும் மாறி மாறிப் பட்டு இரும்பு முதலில் அரிக்கும். அடுத்தது தட்டுக்கதவுப் பிணைச்சலின் கீழே உள்ள ஒட்டு. ஒவ்வொரு தடவை கரையில் மோதும்போதும் அடி வாங்குவது அது. மூன்றாவது, மூடிக்குக் கீழே இருக்கும் றப்பர். அது வெயிலில் காய்ந்து வெடித்தால், மழைத் தண்ணீரும் தட்டுக் கழுவும் தண்ணீரும் மேலிருந்தே உள்ளே இறங்கும். இதற்கு மேல் சீமெந்து பூசுவதும் பிசின் அப்புவதும் திருத்தமல்ல. அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்ட வேண்டும்.

மிதவையை நாலு அறையாகத் தடுக்கச் சொன்னால் செலவு என்கிறார்கள். தடுப்பில்லாத மிதவையில் உள்ளே நிற்கும் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. சனம் முன்னுக்கு வந்தால் அந்த 800 லீற்றரும் அவர்களோடு முன்னுக்கு ஓடி, தாழ்ந்த மூலையை இன்னும் தாழ்த்தும். மூன்று தடுப்புத் தகடு வைத்தால் ஓட்டை விழுந்த அறையோடு தண்ணீர் நின்றுவிடும். அந்தத் தகட்டின் விலை ஒரு திறப்பு விழாவின் பந்தல் செலவை எட்டாது.

கரை தட்டும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இன்னும் கயிறு கட்டவில்லை, அதற்குள் மோட்டார் சைக்கிள் எல்லாம் ஸ்டார்ட் ஆகி முன்னுக்கு நெருக்கும். பிள்ளைகள் அவற்றுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு கம்பி ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள். தட்டுக்கதவிலிருந்து ஒன்றரை மீற்றர் பின்னால் ஒரு சங்கிலி கட்டுங்கள். இரண்டு பக்கக் கயிறும் கட்டி, கதவு கரையில் ஊன்றிய பிறகுதான் சங்கிலி அவிழ வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் நடுவில் இரண்டு வரிசை, எஞ்சின் நிறுத்தி. ஆட்கள் இரண்டு பக்கமும் சரிபாதி. இறங்கும்போது முதலில் ஆட்கள், பிறகு வாகனம். இதைச் சொல்லவும் செய்யவும் பாதையில் இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் பிடிக்கிற ஒருவரையே கயிறு கட்டவும், காசு வாங்கவும், சனத்தை அடக்கவும் விட்டுவிட்டு, ஏதாவது நடந்தால் அந்த மனிசனைப் பிடித்து உள்ளே போடுவது அநியாயம்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் பூட்டி வைத்த அங்கி யாரையும் காப்பாற்றாது. பாதை புரளும்போது பூட்டைத் திறக்க யாருக்கும் நேரமில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரியவர் அங்கியைப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலால் கழன்று மிதக்கும், பிள்ளை கீழே போகும். சின்ன அளவு வாங்குங்கள், கால்களுக்கிடையால் கட்டும் பட்டி உள்ளதாக வாங்குங்கள், துறையடியிலேயே போட்டுவிடுங்கள், அக்கரையில் கழற்றி வாங்குங்கள்.

இதெல்லாம் மாரிக்கு முன் நடக்க வேண்டும். கார்த்திகையில் வாவி பெருகினால் நீரோட்டம் இழுக்கும், ஆற்றுவாழை கூட்டமாக வந்து விசிறியில் சுற்றும், எஞ்சினுக்குக் குளிர்தண்ணீர் போகும் துவாரம் அடைபடும். எஞ்சினின் பக்கத்துத் துளையிலிருந்து பீறும் தண்ணீர் நின்றுவிட்டால் அது சூடாகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்த வேண்டும். நடு வாவியில் எஞ்சின் நின்றால் இரண்டாவது எஞ்சினோ, நங்கூரமோ, நீண்ட இரண்டு தாங்குதடியோ இல்லாத பாதை காற்றோடு போகும். ஆகவே புரட்டாதியில் மிதவையைக் கரையில் இழுத்து ஏற்றுங்கள். அந்த நாட்களுக்கு மாற்றுப் பாதை ஒன்றை முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்துங்கள். சனத்தை மீன்பிடித் தோணியில் ஏறவிடாதீர்கள். துருவைச் சுரண்டுங்கள், தகட்டை மாற்றுங்கள், மூடிக்குப் புது றப்பர் போடுங்கள். கோட்டைப் போட்டு, பார்த்தவர் பெயரையும் திகதியையும் அதன் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிய எழுதுங்கள்.