சும்மா திறந்து பார்த்தாராம்

கமாவால் நிரல் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலை டபிள் கிளிக் பண்ணி எக்செலில் திறக்காதீர்கள் என்று இன்னும் எத்தனை தரம்தான் சொல்வது? வாய் வலிக்கிறது.

வெள்ளவத்தையில் ஒரு டெலிவரி அலுவலகத்தில் வேலை. திங்கட்கிழமை வாடிக்கையாளர் பட்டியலை எக்ஸ்போர்ட் பண்ணி, நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். `0771234567` என்று பத்து இலக்கமும் இருந்தது. "45/2, காலி வீதி, கொழும்பு 06" என்ற விலாசம் மேற்கோள் குறிக்குள் பத்திரமாக இருந்தது. மேற்கோள் இல்லாவிட்டால் அந்தக் கமாக்கள் ஒரு விலாசத்தை மூன்று நிரலாக்கிவிடும். தமிழ்ப் பெயர்கள் à® என்று குப்பையாகாமல் இருக்க யூடிஎஃப்-8 எழுத்து முறையுடன், அதை எக்செலுக்குக் காட்டிக்கொடுக்கும் பிஓஎம் குறியும் போட்டிருந்தேன்.

பின்னேரம் எஸ்எம்எஸ் ஒன்றுகூடப் போகவில்லை என்று சத்தம். பார்த்தால் எல்லா நம்பரும் `771234567`. முன்னால் இருந்த சைபரைக் காணோம்!

"சரியா இருக்கா எண்டு ஒருக்கா திறந்து பார்த்தனான் தம்பி. சேவ் பண்ணட்டோ எண்டு கேட்டுது, ஓம் எண்டு குடுத்தன்" என்றார் மேலாளர். பார்த்தாராம்! இலக்கம் மட்டும் உள்ள எதையும் எக்செல் எண் என்றுதான் எடுக்கும், சைபரைத் தின்றுவிடும். மேற்கோள் போட்டாலும் தடுக்காது. அது கமாவுக்குத்தான் காவல்.

சைபரையாவது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அடையாள அட்டை இலக்கத்தை என்ன செய்வது? புதிய அட்டையில் 12 இலக்கம். `199012345678` என்பதை எக்செல் `1.99012E+11` என்று காட்டும். சிஎஸ்வியாகச் சேவ் பண்ணினால் திரையில் தெரிவதைத்தான் எழுதும். திரும்பத் திறந்தால் `199012000000`. முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. ஆக, ஏறக்குறைய ஒரே பத்து நாளுக்குள் பிறந்தவர்களெல்லாம் ஒரே ஆளாகிவிட்டார்கள். ஐயா, அதை எந்தச் சூத்திரம் போட்டும் மீட்க முடியாது.

திறந்துதான் ஆக வேண்டுமென்றால் Data மெனுவில் From Text/CSV போய், நிரல் வகையை Text ஆக்கிவிட்டுத் திறவுங்கள். ஒரு நிமிட வேலை.

இன்னொன்று. குறிப்பு நிரலில் ஒருவர் "-வாசலில் வைக்கவும்" என்று எழுதியிருக்கிறார். எக்செலில் அது `#NAME?` ஆகிவிட்டது. மைனஸைக் கண்டதும் சூத்திரம் என்று நினைத்துவிட்டது. அப்பாவி மனிதர், சரி. நாளைக்கு ஒரு விஷமி பெயர் கேட்கும் இடத்தில் `=HYPERLINK(` என்று தொடங்கி ஒரு லிங்கை எழுதினால், அதுவும் நம் திரையில் அமத்தினால் திறக்கும் லிங்காகத்தானே நிற்கும்? மேலாளர் அதையும் "ஒருக்கா" அமத்திப் பார்ப்பார்.

அதனால் =, +, -, @ என்று தொடங்கும் கலங்களுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டேன். உடனே `+94` என்று தொடங்கும் நம்பர்களிலும் அது ஒட்டிக்கொண்டது, எஸ்எம்எஸ் சிஸ்டம் ஏற்க மறுத்தது. இப்போது இரண்டு ஃபைல் எடுக்கிறேன். மனிதர் பார்க்க ஒன்று, சிஸ்டத்துக்கு ஒன்று. இரண்டாவதன் பெயரிலேயே "திறக்காதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று காலை கேட்கிறார்: "தம்பி, அந்த திறக்காதே ஃபைலில ஏன் சைபர் இல்லை?"