காலில் விழுந்தால் பின்வாங்க வேண்டாம்

"கல்யாணத்துக்கு ஜெர்மனியிலிருந்து வயதான தம்பதி வருகிறார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் அவர்கள் காலில் விழுந்தால் அவர்கள் என்ன செய்யணும்?"

திருமங்கலத்தில் எங்கள் தம்பி கல்யாணத்தில் இதே நிலைமைதான். அவனுடைய வெளிநாட்டு மேலாளர் மனைவியோடு வந்திருந்தார். மணமக்கள் குனிந்ததும் அவர் பதறிப்போய் இரண்டடி பின்னால் போய்விட்டார். தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். பொண்ணு பாதி குனிந்தபடி தவித்து நின்றது. விழுகிறவர் கேட்பது ஆசீர்வாதம், அது கிடைக்காமல் எழுந்திருக்க மனசு வராது.

எங்கள் அப்பத்தாதான் மேலாளரையும் மனைவியையும் சேர்ந்து நிற்கச் சொல்லி, கையில் அட்சதை கொடுத்தார். மஞ்சள் தடவிய முனை முறியாத அரிசி அது. மணமக்கள் மறுபடி விழுந்ததும் தலையில் தூவி, "நல்லா இருங்க" என்று சொல்ல வைத்தார். மேலாளர் அதை மழலைத் தமிழில் சொன்னபோது எங்களுக்குக் கண் கலங்கியது. அட்சதை இல்லாவிட்டால் உங்கள் விருந்தினர்கள் வலது கையை மணமக்கள் தலைக்கு மேல் காட்டி, தங்கள் மொழியிலேயே வாழ்த்தினாலும் போதும். வாழ்த்திய பிறகு தோளைத் தொட்டு எழுப்பலாம். பதிலுக்கு அவர்களும் குனிய வேண்டாம். பெரியவர் தங்கள் காலைத் தொட்டால் சின்னவர்கள் பதறிவிடுவார்கள்.

மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போனால் அங்கே இது வேண்டாம். சாமி இருக்கும் இடத்தில் மனிதர் காலில் விழுவதில்லை. கொடிமரத்தருகே விழுவது அம்மனுக்காக. விருந்தினர்கள் நம் பெரியவர்களை வணங்க விரும்பினால் கை கூப்பினால் போதும். மனிதர் முன் தலைவணங்கக் கூடாது என்பது அவர்கள் மதமானால் வற்புறுத்தாதீர்கள்.