எதிர்க் கராஜில் ஆயிரம் ரூபா போர்ட் வந்தால்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் மெயின் ரோட்டில் மச்சான் ஒருவர் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறார். அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது நான். போன மழைக்காலத்தில் நாலு கடை தள்ளிப் புதுக் கராஜ் திறந்து, "புல் சேர்விஸ் 1000 ரூபா மட்டும்" என்று பெரிய பேனர் கட்டினார்கள். நம்ம விலை 1500. ஒயில் காசு ரெண்டு பேருக்கும் வேறாகத்தான். அன்று பின்னேரமே மச்சான் 950 என்று போர்ட் அடிக்கப் புறப்பட்டார். நான் வேண்டாம் என்றேன். இன்றைக்கும் என் கருத்து அதேதான், ஏனென்று சொல்கிறேன்.

1500 ரூபா சேர்விஸில் வேலை செய்யும் பொடியனுக்கு 350. சம்பூ, கிரீஸ், கழுவ டீசல், கரண்ட் எல்லாம் சேர்த்து 250. மிச்சம் 900. விலையை 1000 ஆக்கினால் செலவு குறையாது, மிச்சம் 400 தான். விலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் குறைக்கிறோம், ஆனால் கையில் நிற்கும் காசில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. போர்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு இந்த இடம்தான் கண்ணில் படுவதில்லை.

ஒரு நாளைக்கு எட்டு பைக் என்று வையுங்கள். பழைய விலையில் 7200 மிஞ்சும். 1000 ரூபாவில் அதே காசு வர 18 பைக் வேண்டும். ரெண்டு பொடியன்மார், ஒரு பைக்குக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. 18 பைக் வந்தாலும் செய்து முடிக்க ஏலாது. மறுபக்கம், விலையைத் தொடாமல் பாதி ஆட்களை இழந்து நாலு பைக் மட்டும் செய்தாலும் 3600. விலையைக் குறைத்து எட்டையும் பிடித்து வைத்தால் 3200.

"அப்ப ஒயில், பிரேக் சூ விக்கிற லாபம் போகுமே, மச்சான்" என்றார். நல்ல கேள்வி. ஒரு பைக்குக்கு அதில் சராசரி 300 ரூபா நிற்கிறது. அதையும் சேர்த்தால் பழைய விலையில் பைக்குக்கு 1200, குறைத்தால் 700. இப்போது எட்டில் மூன்று போனால் தாங்கலாம்: ஐந்து பைக்கில் 6000, விலை குறைத்த எட்டில் 5600. நாலாவது ஆளும் போனால் கணக்கு மாறிவிடும். ஆகவே விலையைத் தொடவே கூடாது என்பதல்ல என் கட்சி. எத்தனை பேர் போனால் தொட வேண்டும் என்பதை முதலே எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஆள் போகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? வெறும் கடையைப் பார்த்துப் பயப்படக் கூடாது. நம்ம பக்கம் நவம்பர், டிசம்பரில் மழை ஊற்றும். யார் பைக் கழுவ வருவான்? மகாபோக வெட்டு முடிந்து, பெப்ரவரி, மார்ச்சில் கையில் காசு புழங்கினால்தான் கராஜ் நிரம்பும். அதனால் போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருஷம் இதே மாதத்துக் கொப்பியை எடுத்தோம். குறைந்தது உண்மை, ஆனால் மச்சான் பயந்த அளவில் பாதிகூட இல்லை. அடுத்தது, கொப்பியில் நம்பர் பிளேட்டும் கிலோமீற்றரும் இருக்கிறதுதானே. ஒயில் மாற்றும் தவணை வந்தும் வராத பழைய ஆட்களை மட்டும் எண்ணினோம். ரோட்டால் போகும் புது ஆள் விலை பார்த்து அங்கே போவான், அது நடக்கத்தான் செய்யும். நாலு வருஷமாய் வந்த வாத்தியார் வராவிட்டால்தான் விஷயம் வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கோல் எடுத்து, "சேர், ஒயில் மாத்துற நேரம் வந்திட்டு" என்று சொன்னால் போதும். விலைப் பேச்சே வேண்டாம்.

அப்புறம் ஒருத்தர் அங்கே செய்த பில்லோடு பிரேக் பார்க்க நம்மிடம் வந்தார். சேர்விஸ் 1000, காபரேட்டர் கிளீன் 350, பிரேக் கழற்றித் துடைக்க 200, செயின் 150. மொத்தம் 1700. நம்ம 1500-க்குள் இந்த மூன்றும் அடக்கம். இதைக் களவு என்று நான் சொல்லமாட்டேன். பேனருக்கு ஒரு விலை, பில்லுக்கு ஒரு விலை என்பது வியாபாரத்தில் பழைய வழி. ஆனால் அந்த ஆயிரத்தோடு நம்ம ஆயிரத்து ஐந்நூறை ஒப்பிட்டு நித்திரை கெடுவது வீண்.

உண்மையிலேயே காசு தட்டுப்பாடான ஆட்களுக்கென்று ஒரு சின்ன வேலை வைத்தோம். கழுவி, செயின் இறுக்கி, கிரீஸ் போட்டு 800. அரை மணித்தியாலத்தில் முடியும். புல் சேர்விஸ் விலையில் கை வைக்கவில்லை.

ஒன்றில் மட்டும் மச்சானும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பில்லைப் பெரிதாக்கி வாசலில் ஒட்ட வேண்டும் என்கிறார் அவர். ஊருக்குள் தேவையில்லாத பகை அது. 1500-க்குள் என்னென்ன செய்கிறோம் என்பதை மட்டும் போர்ட்டில் எழுதுவோம் என்கிறேன் நான். பெயின்ற் வாங்கியாச்சு, என்ன எழுதுவது என்பதுதான் இழுபடுகிறது.