52 பேர் பாஸ், வேலை 3 பேருக்குத்தான்
"அந்த 30 நாள் கிராஷ் கோர்ஸ்ல 60 பேர்ல 52 பேர் குரூப் 4 பாஸ். சின்ன பேட்ச்" என்று ஒரு தம்பி சொல்லியிருந்தார்.

அந்த வகுப்பை நடத்துவது நான்தான், அதனால் திருத்துகிறேன். அந்த 52 பேர் 300-க்கு 90 தாண்டியவர்கள். 90 என்பது தரவரிசைக்குள் வருவதற்கான குறைந்தபட்சம் மட்டுமே. வேலை கிடைத்தது 3 பேருக்கு. அவர்களும் ஒரு வருடத்துக்கு மேல் படித்துவிட்டு, மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கச் சேர்ந்தவர்கள்.

"சின்ன பேட்ச்" என்று அந்தத் தம்பி சொன்னது பாதி சரி. தொடங்கியது 60, மூன்றாம் வாரம் வந்தது 41. இந்த முறை 40 பேரோடு நிறுத்திவிடுவேன். தமிழில் 150-க்கு 60 வராவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் முதல் பத்து நாள் பள்ளித் தமிழ்ப் புத்தகம்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த 30 நாள் வகுப்பை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். மாலை வகுப்பு உண்டா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்; அது இன்னும் முடிவாகவில்லை.